ரத்தம் ஏற்றும் முன் கேஸ் ஷீட்டில் எழுத வேண்டியது

திருத்தணியில் ஒருவருக்கு ரத்தம் ஏற்றினால், அதைப் பற்றிய காகிதம் திருத்தணியிலேயே தங்கிவிடுவதில்லை. பிரசவம் சிக்கலானால் திருவள்ளூர் அல்லது சென்னை, இதயக் கோளாறு என்றால் வேலூர், வீடு நகரி பக்கம் என்றால் திருப்பதி என்று நோயாளியோடு கோப்பும் பயணம் போகும். அடுத்த ஊர் மருத்துவருக்கு இவரைத் தெரியாது. ரத்தம் எதற்காக ஏற்றினார்கள், என்ன சொல்லி ஏற்றினார்கள், இவர் என்ன பதில் சொன்னார் என்பதையெல்லாம் அந்தக் காகிதத்தில் இருந்துதான் அவர் தெரிந்துகொள்ள வேண்டும். பல கோப்புகளில் அவருக்குக் கிடைப்பது அறுவை சிகிச்சைக்கான அச்சுப் படிவமும் அதன் அடியில் ஒரு கையெழுத்தும்தான். அந்தக் கையெழுத்தும் பெரும்பாலும் கணவருடையதாக இருக்கும்.

இதில் உள்ள ஆபத்தைச் சேலத்தில் நடந்த ஒரு வழக்கு காட்டுகிறது. அறுவை சிகிச்சைக்காகத் தனியார் மருத்துவமனையில் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு ரத்தம் ஏற்றப்பட்டது. பிறகு அவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது தெரியவந்தது. வழக்கு தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையம் வரை போய் 2006 செப்டம்பரில் தீர்ப்பானது. அறுவை சிகிச்சைக்கு வாங்கிய ஒப்புதலில் ரத்தம் ஏற்றுவதற்கான ஒப்புதல் தானாக அடங்கிவிடாது, அதைத் தனியாகக் கேட்டுப் பெற்றிருக்க வேண்டும் என்பதுதான் அதில் மருத்துவமனைக்குப் பாதகமாக நின்ற விஷயம். இந்தியாவில் ரத்த ஒப்புதல் பற்றி எழுதுகிறவர்கள் இன்றும் மேற்கோள் காட்டுவது இந்தத் தமிழ்நாட்டு வழக்கைத்தான்.

2008 ஜனவரியில் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் தெளிவாக்கியது. 1995-ல் டெல்லியில் ஒரு பெண்ணைப் பரிசோதனைக்காக மயக்கத்தில் ஆழ்த்தியிருந்தார்கள். அந்த நேரத்தில் வெளியே காத்திருந்த தாயிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டார்கள். அவர் வயது வந்தவர், சுயமாக முடிவெடுக்கக் கூடியவர். உடனே செய்தே ஆக வேண்டிய அவசரமும் இல்லை. அப்படியிருக்கத் தாயின் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். நம் வார்டுகளுக்கு இதை நேரடியாகப் பொருத்திப் பார்க்கலாம். கட்டிலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் கர்ப்பிணிக்காக மாமியாரோ கணவரோ போடும் கையெழுத்து, அவர் உடன் இருந்தார் என்பதற்குச் சாட்சி ஆகலாம். கர்ப்பிணியின் ஒப்புதலாக அது ஆகாது.

சரியான பதிவு எப்படி இருக்கும் என்பதை ஓர் உதாரணம் வைத்துப் பார்க்கலாம். இது கற்பனை நோயாளி. ஆனால் திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை வட்டாரத்தில் வேலை பார்த்த எவருக்கும் இவரைத் தெரிந்திருக்கும். விசைத்தறிக் குடும்பத்துப் பெண், வயது 26, இரண்டாவது பிரசவம், 36-வது வாரம். வீட்டில் தெலுங்கு, பள்ளியில் படித்தது தமிழ். மாதப் பரிசோதனைக்கு ஒழுங்காக வரவில்லை. நடந்தால் மூச்சு வாங்குகிறது என்று வந்தவருக்கு எச்பி எனப்படும் ஹீமோகுளோபின் 6.2 கிராம். கர்ப்பிணிகளுக்கு 7-க்குக் கீழே போனால் அது கடுமையான ரத்தசோகை.

முதலில் எழுத வேண்டியது காரணம். பெரும்பாலான கோப்புகளில் இந்த இடத்தில் 'அனீமியா' என்ற ஒற்றைச் சொல் இருக்கும். அது நோயின் பெயர். ரத்தம் ஏற்ற வேண்டிய காரணம் அதில் இல்லை. ரத்தசோகை உள்ள கர்ப்பிணிகளில் மிகப் பலருக்கு மாத்திரையும், அது போதாதபோது நரம்பு வழியாக ஏற்றும் இரும்புச்சத்து ஊசியும் போதும். இந்தப் பெண் 24-வது வாரத்தில் இதே எச்பியோடு, மூச்சு வாங்காமல் வந்திருந்தால், இரும்புச்சத்து டிரிப்ஸ் போட்டுச் சில வாரம் காத்திருப்பதைப் பற்றி மருத்துவர் யோசித்திருப்பார். இப்போது அந்த அவகாசம் இல்லை. இரும்புச்சத்து ஊசி வேலை செய்து எச்பி போதுமான அளவு ஏற இரண்டு மூன்று வாரங்களாவது பிடிக்கும். பிரசவ வலியோ அதற்குள் எந்த நாளும் வரலாம். 6.2 உள்ளவர் பிரசவத்தில் சாதாரணமாக இழக்கும் ரத்தத்தைக்கூட அவர் உடம்பு தாங்காமல் போகலாம். ரத்தம் ஏற்றுவதற்கான காரணம் இதுதான். இதை எழுத மூன்று வரி போதும்: எந்த நாள் எடுத்த எச்பி எவ்வளவு, என்ன தொந்தரவு இருக்கிறது, மாற்று வழி இன்று ஏன் போதாது.

மூன்றாவது விஷயம்தான் கோப்புகளில் அடிக்கடி விடுபடுகிறது. மாற்று வழி உண்டு என்று சொல்லாமல் வாங்கிய சம்மதத்தைச் சம்மதம் என்று சொல்வது கடினம். அளவையும் எழுத வேண்டும். 'ரத்தம் 2 பாட்டில்' என்று எழுதும் பழக்கம் இன்னும் போகவில்லை. இவருக்குத் தேவைப்படுவது சிவப்பணுக்கள் மட்டும் அடங்கிய பேக்டு செல். ஒரு பை ஏற்றினால் எச்பி ஏறத்தாழ 1 கிராம் உயரும். ஒரு பை ஏற்றி, நோயாளியைப் பார்த்து, எச்பியையும் பார்த்த பிறகு அடுத்த பையை முடிவு செய்யலாம் என்று எழுதினால், தேவையில்லாத இரண்டாவது பை தவிர்க்கப்படவும் கூடும்.

அடுத்தது ஆபத்துகள். அச்சுப் படிவங்கள் பெரும்பாலும் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை என்று இரண்டு பெயரைச் சொல்லி நிறுத்திக்கொள்கின்றன. ஜனங்களும் அதைப் பற்றித்தான் பயப்படுகிறார்கள், அந்தப் பயத்துக்கு நம் மாநிலத்திலேயே காரணம் இருக்கிறது. 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ரத்தசோகைக்காக ரத்தம் ஏற்றினார்கள். அந்த ரத்தம் சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியில் இருந்து வந்தது. அதைக் கொடுத்த இளைஞர் வெளிநாட்டு வேலைக்காகப் பரிசோதனை செய்துகொண்டபோது தனக்கு எச்.ஐ.வி. இருப்பதை அறிந்து, தானே ரத்த வங்கிக்குத் தகவல் சொன்னார். அதற்குள் அந்தப் பை ஒரு பெண்ணின் உடம்பில் ஏறியிருந்தது. அந்த இளைஞர் விஷம் குடித்து, மாத முடிவில் இறந்துபோனார். 2019-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது.

சாத்தூரை இங்கே சொல்வதற்குக் காரணம் வேறு. ஆபத்தை விளக்கிக் கையெழுத்து வாங்கிவிட்டால் மருத்துவமனை தப்பித்துக்கொள்ளும் என்று சிலர் நம்புகிறார்கள். அது தவறு. எல்லாப் பரிசோதனைகளையும் ஒழுங்காகச் செய்த பிறகும் மிச்சமிருக்கும் சிறிய ஆபத்தைத்தான் நோயாளி ஏற்றுக்கொள்கிறார். இந்தியச் சட்டப்படி ஒவ்வொரு பையையும் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, மேகநோய், மலேரியா ஆகிய ஐந்துக்கும் சோதித்தாக வேண்டும். தொற்று ஏற்பட்ட முதல் சில நாள்களில், வழக்கமாக இரண்டு மூன்று வாரம் வரை, சோதனையில் எச்.ஐ.வி. பிடிபடாமல் போகலாம். நோயாளிக்குச் சொல்ல வேண்டிய மிச்ச ஆபத்து அது. சோதனையையே கோட்டைவிட்ட குற்றத்தை எந்தக் கையெழுத்தும் மூடாது.

அதே சமயம், நம் உதாரணப் பெண்ணுக்கு இன்று ராத்திரி வரக்கூடிய ஆபத்து வேறு. ரத்தசோகையில் நாள்பட இருந்த உடம்புக்குத் திடீரென்று அதிகத் திரவம் சேர்ந்தால் இதயம் திணறும், நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். ரத்த மாற்றத்தில் நேரும் தவறுகளையும் பாதிப்புகளையும் தொகுக்கும் பிரிட்டனின் ஷாட் அமைப்பு, அங்கே ரத்தம் ஏற்றியது தொடர்பான மரணங்களில் முன்னால் நிற்பது இந்தத் திரவச் சுமைதான் என்று ஆண்டுதோறும் சொல்லிவருகிறது. இரண்டாவது, பிரிவு மாறிய ரத்தம். சோதனைக்கூடம் தவறு செய்வதைவிட, ரத்த மாதிரி எடுக்கும்போது குழாயில் பெயர் மாறுவதும், பையை வேறு கட்டிலுக்குக் கொண்டுபோய்விடுவதும்தான் அடிக்கடி காரணமாகின்றன. வார்டில் ஒரே பெயரில் இரண்டு பேர் படுத்திருப்பது நம் ஊரில் அதிசயம் இல்லை. இவற்றோடு காய்ச்சல், குளிர் நடுக்கம், உடம்பு அரிப்பு ஆகியவையும் உண்டு. அவை அடிக்கடி வரும், பெரும்பாலும் சமாளிக்கக் கூடியவை.

இதையெல்லாம் நோயாளியிடம் சொல்வதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. ஏற்றத் தொடங்கிய முதல் 15 நிமிடத்தில் நடுக்கமோ இடுப்பு வலியோ வந்தால் உடனே நர்ஸைக் கூப்பிட வேண்டும் என்று தெரிந்த நோயாளி, தானே ஒரு கண்காணிப்பாளர் ஆகிறார். எச்.ஐ.வி. பற்றி மட்டும் சொல்லப்பட்டவர் நடுக்கம் வந்தால் மின்விசிறியை நிறுத்தச் சொல்லிப் போர்த்திக்கொண்டு படுத்திருப்பார்.

'ரிஸ்க் விளக்கப்பட்டது' என்று ஒரு ரப்பர் ஸ்டாம்ப் பல இடங்களில் புழங்குகிறது. நீதிமன்றத்தில் அதற்குப் பெரிய மதிப்பு இருக்காது. எந்த ஆபத்து, யார் விளக்கியது, எந்த மொழியில் என்ற மூன்றில் ஒன்றைக்கூட அது சொல்வதில்லை.

மொழி என்பது திருத்தணியில் சின்ன விஷயம் இல்லை. 1960-ல்தான் இந்த ஊர் ஆந்திரத்தில் இருந்து அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்து சேர்ந்தது. கோடு மாறினாலும் வீட்டுப் பேச்சு மாறவில்லை. தமிழில் சரளமாகப் பேசி, தெலுங்கில் பயப்படுகிறவர்கள் இங்கே நிறைய. படிவம் ஆங்கிலத்தில் இருக்கும், நர்ஸ் தமிழில் சொல்வார், நோயாளி தலையாட்டுவார். நகரியில் இருந்து வந்தவரானால் தமிழ் எழுத்தே வாசிக்கத் தெரியாமலும் இருக்கலாம். அதனால் 'தெலுங்கில் விளக்கப்பட்டது' என்று எழுதி, மொழிபெயர்த்தவர் யார் என்பதையும் குறிக்க வேண்டும். மொழிபெயர்த்தவர் மாமியார் என்றால் அதையும் அப்படியே எழுத வேண்டும். முடிந்தால் மருத்துவமனை ஊழியர் ஒருவரே அந்த வேலையைச் செய்வது நல்லது. மாமியார்கள் மொழிபெயர்க்கும்போது பாதியை வடிகட்டிவிடுவார்கள், அன்பினால்தான் என்றாலும்.

மூன்றாவது, நோயாளியின் பதில். 'சம்மதம்' என்று ஒரு சொல்லில் முடிவதைவிட, அவர் கேட்ட கேள்வியை எழுதினால் பதிவுக்கு உயிர் வரும். நம் நோயாளியின் கோப்பில் மருத்துவர் தன் கையால் எழுதும் குறிப்பு ஏறத்தாழ இப்படி இருக்கலாம்:

"காலை 11.20. 36 வாரம். இன்று காலை எடுத்த எச்பி 6.2. நடந்தால் மூச்சு வாங்குகிறது, இதயச் செயலிழப்புக்கான அறிகுறி இல்லை. எந்நேரமும் பிரசவம் ஆகலாம் என்பதால் பேக்டு செல் ஒரு பை, பிறகு எச்பி பார்த்து அடுத்தது. இரும்புச்சத்து ஊசி உண்டு என்றும், இப்போது அது வேலை செய்ய நேரம் போதாது என்றும் சொன்னேன். காய்ச்சல், அரிப்பு, மூச்சுத் திணறல், பிரிவு மாறும் அபாயம், சோதனையில் பிடிபடாத தொற்று, ஏற்றாவிட்டால் பிரசவத்தில் உள்ள அபாயம் ஆகியவற்றை விளக்கினேன். பணியில் இருந்த செவிலியர் தெலுங்கில் சொன்னார். 'பிட்டகு ஏமைனா அவுதுந்தா' (குழந்தைக்கு ஏதாவது ஆகுமா) என்று கேட்டார். பதில் சொன்னேன். எதற்காக ஏற்றுகிறோம் என்று அவரையே திருப்பிச் சொல்லச் சொன்னேன், சரியாகச் சொன்னார். சம்மதித்தார். முன்பு ரத்தம் ஏற்றியதில்லை என்கிறார்."

கீழே நோயாளியின் கையெழுத்து. கைநாட்டு என்றால் அதை நேரில் பார்த்த ஒருவரின் சாட்சிக் கையெழுத்தும் வேண்டும். பிறகு மருத்துவரின் பெயர், கையெழுத்து, பதிவு எண். எழுதி முடிக்க ஐந்து நிமிடம் ஆகலாம். குறிப்பின் கடைசி வரி சும்மா இல்லை. முன்பு ரத்தம் ஏற்றியவர் உடம்பில் அந்நிய சிவப்பணுக்களுக்கு எதிரான எதிர்ப்பொருள் உருவாகியிருக்கலாம். முந்தைய கர்ப்பத்தினாலும் அது உருவாகலாம். அப்படி இருந்தால் அடுத்த முறை பொருந்தும் ரத்தம் தேடுவது கடினம். அதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள ரத்த வங்கிக்குக் கிடைக்கும் முதல் தகவல் இந்த வரிதான்.

நேரத்தைக் குறிப்பதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. ஒப்புதல் குறிப்பில் மாலை 4 மணி, நர்ஸின் குறிப்பேட்டில் பை தொடங்கியது பிற்பகல் 2.30 என்று இருந்தால், ஏற்றிய பிறகு உட்கார்ந்து எழுதியது அது என்பது யாருக்கும் விளங்கிவிடும். அப்படியொரு முரண் வெளிப்பட்ட பிறகு அந்தக் கோப்பில் இருக்கும் வேறு எந்த நேரத்தையும் ஒருவரும் நம்பமாட்டார். தாமதமாக எழுத நேர்ந்தால், எழுதும் நேரத்தையே போட்டு, பேசியது இன்ன நேரம் என்று குறிப்பதுதான் முறை. பையைத் தொங்கவிடும் நர்ஸ், பெயர், எண், பிரிவு, காலாவதித் தேதி ஆகியவற்றைச் சரிபார்க்கும்போது ஒப்புதல் குறிப்பு இருக்கிறதா என்றும் பார்த்தால், விடுபட்டது அப்போதே பிடிபடும்.

வேண்டாம் என்று சொல்பவரும் உண்டு. யெகோவாவின் சாட்சிகள் எனப்படும் பிரிவினர் மத நம்பிக்கையால் மறுப்பார்கள். வேறு சிலர் பயத்தினால் மறுப்பார்கள். மறுப்பையும் சம்மதத்தைப் போலவே முழுதாக எழுத வேண்டும். ஏற்றாவிட்டால் என்ன ஆகலாம் என்று சொன்னது, அவர் சொன்ன காரணம், பதிலாகக் கொடுத்த சிகிச்சை எல்லாம் அதில் வர வேண்டும். மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம் என்று தெரிவித்ததையும் எழுத வேண்டும்.

அவசரத்தில் இந்த வரிசை கவிழும். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் நெடுஞ்சாலையில் அடிபட்ட ஒரு பக்தரைக் கொண்டுவருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நினைவில்லை, கூட வந்தவர் யாரும் இல்லை, ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது. சம்மதத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. சம்மதம் தர முடியாத நிலையில் இருப்பவரின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்யும் செயலுக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 92-வது பிரிவு பாதுகாப்புத் தந்தது. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 30-வது பிரிவு தருகிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பு எழுத்தில் நிற்க வேண்டும். நோயாளி பேசும் நிலையில் இல்லை, உறவினரைத் தேடியும் கிடைக்கவில்லை, தாமதித்தால் உயிருக்கு ஆபத்து என்ற மூன்றும் குறிப்பில் இருக்க வேண்டும். இன்னொரு மருத்துவர் அருகில் இருந்தால் அவரும் கையெழுத்திடுவது நல்லது.

நினைவு திரும்பியதும் அவரிடம் சொல்லவும் வேண்டும். இங்கேதான் அநேகமாக எல்லோரும் கோட்டைவிடுகிறோம். மயக்கத்தில் ரத்தம் ஏற்றப்பட்டவர், தனக்கு ஏற்றியதே தெரியாமல் வீட்டுக்குப் போய்விடுவார். பிரிட்டனில் தொற்றுள்ள ரத்தம் பற்றி விசாரித்த பிரையன் லாங்ஸ்டாஃப் 2024 மே மாதம் வெளியிட்ட அறிக்கை, 30,000-க்கும் மேற்பட்டோருக்கு ஏற்பட்ட தொற்றைப் பற்றியது. பல நோயாளிகளுக்கு ஆபத்து சொல்லப்படவில்லை, சிலருக்குத் தங்கள்மீது செய்த சோதனையே தெரியாது என்பது அதில் திரும்பத் திரும்ப வருகிறது. அங்கே ரத்தம் ஏற்றப்பட்டவருக்குப் பிறகாவது சொல்லியாக வேண்டும் என்பது 2011 முதலே ஆலோசனைக் குழுவின் பரிந்துரை. நம் ஊரில் டிஸ்சார்ஜ் சம்மரியில் தேதி, என்ன ஏற்றியது, எத்தனை பை, பை எண், ஏதாவது எதிர்வினை வந்ததா என்று எழுதினால் போதும். ரத்தம் ஏற்றிக்கொண்டவர் ஓராண்டு ரத்ததானம் செய்யக் கூடாது என்பதும் அதிலேயே இருக்கட்டும்.

அந்தச் சம்மரியை நோயாளி பத்திரமாக வைத்துக்கொள்ள ஒரு காரணம் இருக்கிறது. 2002-ம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதிகளின்படி, உள்நோயாளிகளின் ஆவணங்களை மருத்துவர் சிகிச்சை தொடங்கிய நாளில் இருந்து மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். ரத்த வங்கி தன் பதிவேடுகளை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும். ஹெபடைடிஸ் சி தொற்று வெளியே தெரியப் பத்து இருபது ஆண்டுகூட ஆகலாம். அப்போது நம் உதாரணப் பெண்ணுக்கு எந்த ஊரில், எந்தப் பை, எதற்காக ஏற்றினார்கள் என்று சொல்ல அவர் வீட்டு பீரோவில் இருக்கும் அந்த ஒரு தாள் மட்டுமே மிஞ்சியிருக்கக் கூடும்.